செம்பனை கம்பெனியின் கடன் கணக்கு: எந்த எண்ணை நம்புவது?

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. சுங்கை சிப்புட் பக்கம் பங்கு வாங்கும் சின்னக் குழு நாங்க. ஒரு செம்பனைத் தோட்டக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் கணக்கு இடிக்குது.

கடன் 240 மில்லியன் ரிங்கிட், பங்குதாரர் மூலதனம் 400 மில்லியன். விகிதம் 0.6, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 400இல் 160 மில்லியன் நில மறுமதிப்பீட்டு இருப்பு. நிலத்தை விற்காம வட்டி கட்ட அது உதவாது. கழிச்சா விகிதம் 1.

வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 30 மில்லியன், செலவில் காட்டிய வட்டி 10. மூணு மடங்கு. குறிப்புப் பக்கத்தைப் புரட்டினா, காய்க்காத இளங்கன்றுகளின் செலவோட சேர்த்த வட்டி இன்னொரு 5 மில்லியன். இதுவும் வங்கிக்குப் போற ரொக்கம்தானே! லாபத்திலும் 6 மில்லியன், மரத்தில் தொங்குற குலைகளின் மதிப்பு ஏற்றம், கைக்கு வராதது. 24ஐ 15ஆல் வகுத்தா 1.6 மடங்குதான். கன்றுகள் காய்ப்புக்கு வந்ததும், அதுக்கப்புறம் அந்தக் கடனுக்குக் கட்டுற வட்டியும் நேரா லாபத்தைக் குறைக்கும்.

மறுமதிப்பீட்டை முழுசா கழிப்பது சரியா? வங்கி ஒப்பந்த வரம்பை எந்தக் கணக்கில் பார்ப்பாங்க? தணிக்கை தெரிந்தவங்க சொல்லுங்க.