புதுப்பிப்பு: பீரோ தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்று பத்தாம் நாள்

முன்பு கேட்டது: "பீரோவைத் தூக்கியதில் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. படுத்தே இருக்கவா, நடக்கவா? ஐஸா, வெந்நீர்ப் பையா?"

இப்போது குனிந்து செருப்பு வாரை மாட்ட முடிகிறது.

முதல் நாள் முழுக்கப் படுத்தேன். மறுநாள் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. அப்புறம் இங்கே பதில் சொன்ன பிசியோதெரபிஸ்ட் அக்கா பேச்சைக் கேட்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். "லேசான வலி பரவாயில்லை, வலி காலுக்கு இறங்கினால் குறைத்துக்கொள்" என்றார். அந்த அளவுகோல்தான் கைகொடுத்தது.

"முதல் 48 மணி நேரம் ஐஸ் மட்டும்தான்" என்ற நண்பர் பாதி சரி. ஆரம்பத்தில் ஐஸ் சிலருக்கு இதமாக இருக்கும். எனக்கு இன்னும் இறுகியது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்தேன், தசை தளர்ந்தது.

அக்கா முதலில் கேட்டது வலியைப் பற்றியே இல்லை: "சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? கழுவும்போது தொடுவது தெரிகிறதா?" கூச்சமாக இருந்தது. ஆனால் ஆசனவாயைச் சுற்றியோ தொடை இடுக்கிலோ மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தால் அல்லது தானாகப் போனால், கால்கள் வலுவிழந்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டுமாம். காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் உடனே மருத்துவரிடம்.

காலை இறுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. எப்போது மறுபடி பளு தூக்கலாம் என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பீரோ பாதி வழியிலேயே நிற்கிறது.