கைபேசி ‘இணைக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்றால் என்ன? கலைச்சொல் தேவை

மீனாட்சி, மதுரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் நூலகத்தில் கணினி பழக வரும் முதியவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். கைபேசியில் உள்ள வாட்ஸ்அப் கணக்கை மடிக்கணினியிலும் திறப்பது பற்றிய பாடத்தில், “இணைக்கப்பட்ட சாதனம் இயங்க, கைபேசி இணைக்கப்பட்டிருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பையிலிருந்து சார்ஜர் வடத்தை எடுத்துக் கைபேசியை மடிக்கணினியில் செருகினார். மூன்று நாளும் செருகியபடியே வைத்துக்கொண்டுதான் செய்திகளைப் படித்தார். வடத்தைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்சியிருக்கிறார். அவர் மீது தவறில்லை. என் வாக்கியம் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அந்த ஒரு வரியில் ‘இணை’ இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் பொருள் வேறு. முதலாவது, கணக்கு மடிக்கணினிக்கும் உரியதாக ஆக்கப்பட்டதைச் சொல்கிறது. இரண்டாவது, கைபேசியில் இணையம் வந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. முதலாவதற்குத் தனிச்சொல் வேண்டும். கூடவே இன்னொரு ஐயமும் உண்டு: கைபேசி எப்போதும் இணையத்தில் இருந்துதான் ஆகவேண்டுமா?

ஜெயராஜ், கோவை

வணக்கம் அம்மா. இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஆம், எப்போதும் இருக்கவேண்டும். மடிக்கணினியில் நாம் பார்ப்பது கைபேசியின் பிரதிபலிப்பு மட்டுமே. செய்தி கைபேசிக்கு வந்து, அங்கிருந்துதான் மடிக்கணினித் திரைக்கு வருகிறது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் மடிக்கணினியில் மஞ்சள் பட்டையில் Phone not connected என்று வருவதை அலுவலகத்தில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். உலாவியில் குறுஞ்செய்தி படிக்கும் வசதியும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே ‘ஆடிக்கருவி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆடி என்றால் கண்ணாடி; கண்ணாடி முன்னால் ஆள் இல்லாவிட்டால் அதில் உருவமும் இராது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும்.

கதிரவன், சென்னை

ஜெயராஜ் ஐயா சொன்னது 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்த நாளிலிருந்து சில ஆண்டுகள்வரை முழு உண்மை. 2021 ஜூலையில் புதிய அமைப்பு சோதனைக்கு வந்து, பிறகு எல்லோருக்கும் பரவியது. மஞ்சள் பட்டை அதற்கு முந்தைய காலத்து நினைவு. சொல்லைத் தேர்வதற்குமுன் இந்த மாற்றத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் காலாவதியான அமைப்புக்குப் பெயர் வைத்தவர்களாவோம்.

பழைய அமைப்பில், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத்துக்குரிய திறவுகோல் உங்கள் கைபேசியில் மட்டுமே இருந்தது. நண்பர் அனுப்பும் செய்தி அந்த ஒரு திறவுகோலுக்கென்றே பூட்டப்பட்டு வரும். கைபேசி அதைத் திறந்து, மடிக்கணினிக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த வேறொரு திறவுகோலால் மறுபடி பூட்டி அனுப்பும். மடிக்கணினி என்று ஒன்று இருப்பதே நண்பரின் கைபேசிக்குத் தெரியாது. கைபேசி அணைந்தால் திறந்து கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அன்றைக்கு அது கண்ணாடிதான்.

இப்போது நடப்பது வேறு. மடிக்கணினியில் web.whatsapp.com பக்கத்தைத் திறந்தவுடன், அது தனக்கென்று ஒரு திறவுகோல் இணையை உருவாக்கிக்கொள்கிறது. அதில் கமுக்கத் திறவுகோல் மடிக்கணினியை விட்டு எங்கும் போவதில்லை. பொதுத் திறவுகோல் திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கிறது. அதைக் கைபேசியின் கேமரா நேரடியாகப் படிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. திறவுகோல் வாட்ஸ்அப் நிறுவனத்தின் வழங்கிக் கணினி வழியாக வந்தால் இடையில் யாரேனும் மாற்றி வைக்கலாம். கண்ணெதிரே உள்ள திரையிலிருந்து கேமரா படிப்பதை அப்படி மாற்ற முடியாது. படித்தவுடன் கைபேசி, “இந்தத் திறவுகோல் என் கணக்கைச் சேர்ந்தது” என்று தன் திறவுகோலால் கையொப்பமிடுகிறது. மடிக்கணினியும் பதிலுக்குக் கையொப்பமிடுகிறது. இந்த இரண்டு கையொப்பங்களோடு மடிக்கணினி உங்கள் கருவிப் பட்டியலில் சேர்கிறது. கைபேசியைத் தவிர நான்கு கருவிகள்வரை இப்படிச் சேர்க்கலாம்.

அதன்பின் நண்பர் உங்களுக்கு எழுதும்போது, அவருடைய கைபேசி உங்கள் பட்டியலைப் பெற்று, கையொப்பங்களைச் சரிபார்த்து, உங்கள் கைபேசிக்கு ஒரு படியும் மடிக்கணினிக்கு ஒரு படியுமாகத் தனித்தனியே பூட்டி அனுப்புகிறது. அவரிடமும் ஒரு மடிக்கணினி இருந்தால் அதற்கும் ஒரு படி போகும். ஒரு ‘சரி’ என்ற சொல் மூன்று பூட்டுகளில் பயணம் செய்கிறது. மடிக்கணினிக்குரிய படி நேரே மடிக்கணினிக்கே வருவதால், கைபேசி நடுவில் நிற்கவேண்டிய தேவை இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு, வீட்டில் வேறொருவரை உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். மடிக்கணினியில் செய்தி வந்துவிடும். அனுப்பியவர் திரையில் இரண்டு சாம்பல் குறிகளும் விழும். ‘போய்ச் சேர்ந்தது’ என்ற அந்தக் குறிக்கு உங்கள் கருவிகளில் ஏதேனும் ஒன்றுக்குப் போனாலே போதும்.

குறுஞ்செய்தி வசதியை இதோடு சேர்க்கக்கூடாது, ஐயா. குறுஞ்செய்தி சிம் வழியாகக் கைபேசிக்குத்தான் வரும். மடிக்கணினியில் சிம் இல்லை. அங்கே கைபேசி இடையில் நின்றே ஆகவேண்டும். உங்கள் ஆடிக்கருவி அதற்கு மிகப் பொருத்தமான சொல்.

வாட்ஸ்அப்புக்கு நான் முன்மொழிவது ‘பிணைத்தல்’, ‘பிணைக்கருவி’. கைபேசி கையொப்பமிட்டு மடிக்கணினிக்காகப் பிணை நிற்கிறது, நடப்பதும் அதுவே.

நஸ்ரின், மட்டக்களப்பு

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சொல்லைப் பற்றியது என்று தெரிகிறது. எனினும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்து, திருத்தும் கடையில் ஏறக்குறைய மூன்று கிழமை கிடந்தது. தையல் ஓடர்கள் எல்லாம் வட்ஸ்அப்பில் வருவதால் மடிக்கணினியிலேயே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கிழமையும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில் திறந்தால் கியூஆர் குறியீடுதான் நின்றது. அதைப் படிக்கக் கைத்தொலைபேசி இல்லை. என் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, தங்கையின் தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். கதிரவன் சொல்வதுபோல் கைத்தொலைபேசி தேவையில்லை என்றால், எனக்கு ஏன் அப்படி நடந்தது?

இன்னொன்று: எங்கள் பத்திரிகைகளில் ‘பிணை’ என்பது நாள்தோறும் வரும் நீதிமன்றச் சொல். ‘பிணைக்கருவி’ என்றால் பிணையாக வாங்கி வைத்த பொருள் என்றுதான் என் அம்மா நினைப்பார்.

கதிரவன்

நஸ்ரின் அக்கா, நான் முழுதாகச் சொல்லாமல் விட்டதை உங்கள் அனுபவம் சரியாகக் காட்டிவிட்டது. யாரும் புகவில்லை. கைபேசி 14 நாட்களுக்குமேல் பயன்பாட்டில் இல்லையென்றால், சேர்த்த கருவிகள் எல்லாம் தாமாகவே வெளியேற்றப்படும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

செய்தியைக் கொண்டுவரக் கைபேசி தேவையில்லை. ஆனால் கணக்கு அதன் எண்ணில்தான் பதிவாகியிருக்கிறது, பட்டியலுக்குக் கையொப்பமிடும் உரிமையும் அதனிடமே இருக்கிறது. தொலைந்துபோன கைபேசி ஒன்று என்றோ போட்ட கையொப்பத்தை நம்பி, எங்கோ ஒரு கணினி ஆண்டுக்கணக்கில் உங்கள் செய்திகளைப் பெற்றுக்கொண்டே இருப்பது ஆபத்து. அதனால் ஒரு கெடு இருப்பது நல்லதே என்பது என் கருத்து. புதிய கைபேசியில் அதே எண்ணைப் பதிந்தாலும் சேர்த்த கருவிகள் வெளியேறிவிடும். அடுத்த முறை கைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது, அந்தச் சிம்மை வேறொரு கைபேசியில் போட்டுப் பதிந்து, மடிக்கணினியை உடனே மறுபடி சேர்த்துக்கொண்டால் ஓடர் எதுவும் தவறாது.

மீனாட்சி அம்மாவின் கையேட்டுக்கு ஒன்று: சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கைபேசி இணையத்தில் இருந்தே ஆகவேண்டும். அண்மைக்கால உரையாடல்களைக் கைபேசி பூட்டிய பொதியாக மடிக்கணினிக்கு அனுப்பும் நேரம் அது. அப்போது செயலியை மூடினால், பழைய செய்திகள் பாதியில் நின்றுபோகும்.

ஜெயராஜ்

விமானப் பயன்முறைச் சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தேன். செய்தி மடிக்கணினிக்கு வந்தது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒரு செய்திக்குப் பதிலாக Waiting for this message. This may take a while. என்று நின்றது. அது கைபேசிக்காகக் காத்திருப்பது இல்லையா?

சொல்லைப் பொறுத்தவரை, செயலியின் தமிழ் முகப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்றுதான் இருக்கிறது. கையேட்டில் ஒரு சொல்லும் திரையில் வேறொரு சொல்லும் இருந்தால் முதியவர் எதைத் தேடுவார்? திரையில் உள்ளதை விட்டு விலகுவதை நான் ஏற்கவில்லை.

கதிரவன்

அந்த வரி காத்திருப்பது உங்கள் கைபேசிக்காக அன்று, அனுப்பியவருடைய கருவிக்காக. மடிக்கணினிக்கென்று பூட்டிய படியை மடிக்கணினியால் திறக்க முடியாதபோது, அது அனுப்பியவரிடம் மறுபடி கேட்கிறது. அவர் இணையத்துக்கு வந்தால் புதிய படி வரும். அதுவரை அதே செய்தியை உங்கள் கைபேசியில் படிக்கலாம். அதற்கு வந்த படி வேறு.

‘பிணைக்கருவி’ மீதான மறுப்பு நியாயமானது. தமிழ்நாட்டில் வேதிப்பிணைப்பு என்று பள்ளியிலேயே படிப்பதால், ‘பிணைப்பு’ எனக்கு நீதிமன்றத்தை நினைவூட்டவில்லை. இலங்கை வாசகருக்கு நினைவூட்டும் என்றால் எண்ணிப்பார்க்க வேண்டும். ‘துணைக்கருவி’ சரிப்படாது. ஆசிரியராக இருந்தவருக்கு அது கற்பித்தல் துணைக்கருவி, மற்றவர்களுக்குக் காதணிபேசியும் சார்ஜரும். மறுபடி வடத்துக்கே போய்ச் சேர்வோம். ‘உடன்கருவி’ எப்படி?

மீனாட்சி

எல்லோருக்கும் நன்றி. திரையில் உள்ள சொல்லை மறைக்கக்கூடாது என்ற ஜெயராஜ் ஐயாவின் கருத்தை ஏற்று, ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதைத் தொடவேண்டிய பட்டியின் பெயராக மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறேன். விளக்கத்தில் ‘இணை’ ஓரிடத்திலும் வினையாக வராதபடி இப்படி மாற்றி எழுதினேன்:

“கைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதைத் தொட்டு, மடிக்கணினித் திரையில் உள்ள கட்டத்தைக் கேமராவால் படியுங்கள். இனி இந்த மடிக்கணினி உங்கள் கணக்கின் உடன்கருவி. வடம் வேண்டாம். பழைய செய்திகள் வந்து முடியும்வரை கைபேசியில் இணையம் இருக்கட்டும். அதன்பிறகு கைபேசி அணைந்திருந்தாலும் மடிக்கணினியில் செய்தி வரும். ஆனால் 14 நாட்களுக்கு ஒருமுறையாவது கைபேசி இணையத்தில் தலைகாட்ட வேண்டும். தவறினால் மடிக்கணினியில் கணக்கு மூடிக்கொள்ளும்.”

இன்று காலை தலைமையாசிரியரிடம் இதைக் கொடுத்தேன். வடத்தைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “உடன்கருவி என்றால் இந்த மடிக்கணினி, சரி. அப்படியென்றால் கைபேசிக்கு என்ன பெயர்?” என்று கேட்டார். ‘முதற்கருவி’ என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அவர் முதலில் வாங்கியது மடிக்கணினியைத்தான் என்பதால் சொல்லவில்லை. ‘தாய்க்கருவி’ பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.