சதுர அடிக்கு 60 ரூபாய் என்று நம்பி எடுத்த அலுவலகம்: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

வரைபடப் பட்டறை, சென்னை

கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. சென்ற ஆண்டு இடம் மாற்றியபோது இறுதிச் சுற்றில் இரண்டு அலுவலகங்கள் மிஞ்சின. பெருங்குடியில் புதுக் கட்டடத்தில் 4,000 சதுர அடி, வாடகை சதுர அடிக்கு 60, பராமரிப்பு 15. கிண்டியில் பழைய கட்டடத்தில் 3,400 சதுர அடி, வாடகை 78, பராமரிப்பு 6. கூட்டினால் 75க்கு எதிராக 84. பெரிய இடம், குறைந்த விலை என்று பெருங்குடிக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

குடியேறுவதற்கு இரண்டு வாரம் முன்பு, தரையில் கம்பள ஓடு பதிக்க வந்தவர் நாடா பிடித்து அளந்து முடித்து, தம் விலைப்பட்டியலில் 2,600 சதுர அடி என்று எழுதினார். நான் அவர் தவறாக அளந்துவிட்டார் என்று நினைத்து, நாலாயிரம் என்று திருத்தச் சொன்னேன். அவர் மறுபடியும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு என் கண்ணெதிரே நாடாவை இழுத்துக் காட்டிவிட்டு, "சார், மீதித் தரை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், அங்கேயும் போட்டுத் தருகிறேன்" என்றார். அந்தக் காலி அறையில் நின்றுகொண்டு நான் உண்மையாகவே சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மீதி 1,400 சதுர அடி லிஃப்ட் முன்கூடத்திலும், படிக்கட்டிலும், பொதுக் கழிப்பறையிலும், கீழே வரவேற்புக் கூடத்திலும் என் பங்காக இருந்தது. அதற்கும் 60, அதற்கும் 15. கார் நிறுத்தமோ ஆயிரம் சதுர அடிக்கு ஒன்று என்ற கணக்கில் நான்குதான் இலவசம். எங்களுக்கு ஒன்பது தேவை என்பதால் ஐந்து இடங்களுக்குத் தலா 4,000 கொடுக்கிறோம். வாடகை 2,40,000, பராமரிப்பு 60,000, கார் 20,000, ஆக மாதம் 3,20,000. இதை 2,600ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 123 ரூபாய்.

மனம் கேட்காமல் கிண்டிக்குச் சென்று, இன்னும் காலியாகவே இருந்த அந்த இடத்தை உரிமையாளர் அனுமதியோடு அளந்தேன். உள்ளே 2,650 இருந்தது. கட்டடத்தின் அடியிலேயே எட்டுக் கார்கள் நிற்கும். ஒன்பதாவதற்கு மட்டும் 2,400 கேட்டார்கள். எல்லாம் சேர்ந்து மாதம் 2,88,000, அதாவது சதுர அடிக்கு 109க்கும் சற்றுக் குறைவு. மலிவு என்று நான் எடுத்த இடம் மாதம் 32,000 ரூபாய் கூடுதல். மூன்றாண்டு லாக்-இன் இருப்பதால் வெளியேறவும் முடியாது. ஜி.எஸ்.டி.யை நான் சேர்க்கவில்லை, நாங்கள் வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டும் வரியில் கழிந்து எங்களுக்கு அது வரவாகத் திரும்பிவிடுகிறது.

இரவுப்பணி

எங்கள் கதையிலும் பராமரிப்புக் கட்டணம்தான் ஏமாற்றியது, ஆனால் வேறு வழியில். சதுர அடிக்கு 13 ரூபாய், மத்திய குளிர்சாதனம் அதற்குள் அடக்கம் என்றார்கள். நாங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக நள்ளிரவு தாண்டியும் வேலை செய்பவர்கள். முதல் நாள் சரியாக இரவு எட்டு மணிக்குக் காற்று நின்றது. பழுது என்று நினைத்துக் கீழே ஓடினேன். காவலர் மேசையிலிருந்த படிவத்தை எடுத்து நீட்டி, எட்டுக்கு மேல் வேண்டுமானால் மணிக்கு 900 ரூபாய், இதில் கையெழுத்திடுங்கள் என்றார். தினமும் ஐந்து மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 99,000 ஆகிறது. உள்ளளவு 6,000 சதுர அடியில் அது சதுர அடிக்கு 16.50. இந்தத் தொகை, நாங்கள் ஒப்பிட்ட தாளில் எந்த வரியிலும் இல்லை.

சொந்தக்கூரை, கோவை

நான் வாங்கியவன், வாடகைக்கு எடுத்தவன் அல்லன். ஆனாலும் பேசுபொருள் இரண்டு அலுவலகங்களின் விலை ஒப்பீடு என்பதால் சொல்கிறேன். இங்கே யாரும் சொத்து வரியைப் பேசவே இல்லை. 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது என் அரையாண்டு ரசீதைப் பார்த்து, தொகை தவறாக அச்சாகிவிட்டதோ என்று மாநகராட்சி அலுவலகத்துக்கே போய்விட்டேன். வாங்குகிறவர்கள் பத்திரத்தில் உள்ள பிரிபடாத மனைப் பங்கையும், வரி ரசீதில் உள்ள பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வரைபடப் பட்டறை

ஐயா, எங்களுடையது வாடகை. சொத்து வரி உரிமையாளர் கட்டுவது, அது எங்களைச் சேராது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

அது உங்களைச் சேராது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வரிகள் பற்றிய பத்தியை எடுத்துப் படியுங்கள். ஒப்பந்தத் தேதியில் உள்ள வரியை உரிமையாளர் ஏற்பார், பின்னால் ஏற்படும் உயர்வைக் குடியிருப்பவர் பரப்புக்கு ஏற்பத் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். கோவைக்காரருக்கு வந்த அதே உயர்வு, அந்த ஒரு வரியால், என் நண்பர் ஒருவரின் வாடகை அலுவலகத்துக்குக் கடிதமாக வந்தது.

இனி உங்கள் கணக்கு. நீங்கள் வருந்தும் அளவுக்கு அது சரியானதா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கட்டடம் அளந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெருங்குடியில் உங்களுக்குக் கிடைத்த 2,600 என்பது கம்பளம் பதிப்பவரின் அளவு. அவர் தேநீர் அறையில் கம்பளம் போட்டிருக்க மாட்டார், அதை அளந்திருக்கவும் மாட்டார். கிண்டியில் நீங்களே சுவரிலிருந்து சுவருக்கு அளந்திருக்கிறீர்கள். பழைய கட்டடங்களில் கழிப்பறைகள் பெரும்பாலும் அலுவலகத்துக்கு உள்ளேயே இருக்கும், அவையும் 2,650க்குள் வந்திருக்கும். உள்ளளவைக் குறிக்கும் கார்ப்பெட் ஏரியா என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு இலக்கணங்கள் நடப்பில் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். ஐ.எஸ். 3861 என்ற இந்தியத் தர அளவுமுறை கழிப்பறைகளைக் கழித்துவிடும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமோ வெளிச்சுவரை விலக்கிவிட்டு, உள்ளே உள்ள தடுப்புச் சுவர்களையும் கழிப்பறைகளையும் எண்ணும். எதை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், ஆனால் இரண்டு அலுவலகத்துக்கும் ஒன்றையே பின்பற்றுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது, மேசை போட்டு ஆள் உட்காரக்கூடிய தரை எவ்வளவு என்பதுதான். தூண்கள், மின்கல அறை, குளிர்காற்று இயந்திர அறை ஆகியவை உள்ளே நின்றால் அவற்றையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கழியுங்கள்.

இரண்டாவது, பெருங்குடியின் 15 ரூபாய்க்குள் குளிர்சாதனம் இருக்கிறதா? கிண்டியின் 6 ரூபாய்க்குள் நிச்சயம் இராது. அந்த அளவு இடத்துக்கு ஏறத்தாழ 15 டன் குளிர்திறன் வேண்டும். டன்னுக்கு 1.2 கிலோவாட், சராசரியாக அறுபது விழுக்காடு சுமை, நாளுக்குப் பத்து மணி, மாதம் 25 நாள் என்றால் 2,700 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27,000 உங்கள் மீட்டரில் ஏறும். நீங்கள் இழந்ததாகச் சொல்லும் 32,000இல் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

இயன்முறை மருத்துவர், மதுரை

ஜி.எஸ்.டி. திரும்பிவிடும் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் எங்களுக்குத் திரும்பாது. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு, ஆகவே வாடகையின் மீது கட்டும் 18 விழுக்காடு எங்களுக்குச் செலவேதான். நான் பார்த்த இரண்டு இடங்களும் 1,500 சதுர அடி. ஒன்றின் வாடகை 70, உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர். மற்றொன்று 80, உரிமையாளர் ஓய்வூதியத்தோடு இந்த ஒரு கட்டடத்தின் வாடகையில் வாழும் அம்மா. ஆண்டுக்கு 14,40,000 என்பதால் 20 லட்ச வரம்புக்குள் இருந்தார், பதிவு இல்லை. எழுபதோடு 18 விழுக்காட்டைச் சேர்த்தால் 82.60. எண்பது எண்பதாகவே நின்றது. அந்த அம்மாவின் இடத்தையே எடுத்தேன்.

கணக்கர்

டாக்டர் சொல்வது சரி, ஆனால் அது இன்றுவரை மட்டுமே சரியாக இருக்கலாம். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத உரிமையாளரிடம் பதிவு பெற்றவர் வணிக இடம் வாடகைக்கு எடுத்தால், அந்த 18 விழுக்காட்டை வாடகைதாரரே நேரடியாகக் கட்ட வேண்டும். நீங்கள் விலக்குள்ள சேவை மட்டும் செய்யும்வரை பதிவு தேவையில்லை, ஆகவே சிக்கலும் இல்லை. முழங்கால் பட்டை, இடுப்புப் பட்டை எதையாவது விற்கிறீர்களா?

இயன்முறை மருத்துவர், மதுரை

சென்ற மாதம்தான் முன்மேசையில் விற்கத் தொடங்கினோம்.

கணக்கர்

அப்படியானால் உடனே உங்கள் தணிக்கையாளரைப் பாருங்கள். வரிக்குட்பட்ட விற்பனை தொடங்கிவிட்டால், விலக்குள்ள வருமானமும் சேர்ந்தே வரம்புக்குக் கணக்கிடப்படும். பதிவு எடுக்க நேர்ந்தால் உங்கள் 80 ரூபாய் 94.40 ஆகும், அதில் பட்டை விற்பனையின் பங்குக்கு மட்டுமே வரவு கிடைக்கும்.

இரவுப்பணி

பொறியாளர் ஐயா குளிர்சாதனத்துக்குப் பத்து மணி நேரம் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. சொந்த மீட்டராக இருந்தால் இரவு ஐந்து மணி நேரத்துக்கு மின்சாரம் மட்டுமே செலவு, மணிக்கு 900 அல்ல. ஆகவே கிண்டி போன்ற பழைய கட்டடமே மலிவு என்று சொல்வேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

உங்களுக்கு மலிவு. கேட்டவர் பகலில் வேலை செய்பவர்.

வரைபடப் பட்டறை

பொறியாளர் ஐயா எழுதிய பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுவதும் செலவிட்டேன். பெருங்குடியில் கம்பளக்காரர் விட்ட தேநீர் அறை 90 சதுர அடி, ஆக 2,690. கிண்டியில் நான் சேர்த்து அளந்த கழிப்பறைகள் 180, கழித்தால் 2,470. இப்போது பெருங்குடி 119, கிண்டி ஏறத்தாழ 117. ஐயா சொன்ன 27,000 மின்சாரத்தையும் சேர்த்தால் கிண்டி 127 தாண்டுகிறது. ஓராண்டாக நான் நொந்துகொண்டிருந்த முடிவு தவறே இல்லையோ என்று தோன்றுகிறது.

ஆனால் எங்கள் மாடியில் குளிர்காற்றைத் தள்ளும் விசிறி இயந்திரம் எங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது. மத்திய குளிர்சாதனத்திலிருந்து அந்த இயந்திரத்துக்கு வரும் குளிர்நீர் மட்டுமே பராமரிப்பில் அடக்கம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. அந்த இயந்திரத்துக்குத் தனி அளவி இல்லாததால் எவ்வளவு இழுக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. கிண்டி உரிமையாளரிடம், முன்பு குடியிருந்தவர்களின் ஏப்ரல், மே மாத மின் ரசீதைக் கேட்டிருக்கிறேன். தேடித் தருவதாகச் சொன்னார். வந்தால் இங்கே எழுதுகிறேன். சொத்து வரிப் பத்தியையும் படித்தேன், பொறியாளர் ஐயா. நீங்கள் சொன்ன அதே வரி, பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.