ஒரே கிச்சன், மூன்று கடைப் பெயர்: பெயர் வைத்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

வேளச்சேரி கிச்சன்

எங்கள் கிச்சன் வேளச்சேரியில் ஓர் உட்தெருவில் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, பார்சல் மட்டும்தான். காலையும் இரவும் சைவ டிபன், மதியம் பிரியாணி, சாயங்காலத்திலிருந்து நூடுல்ஸும் ஃப்ரைட் ரைஸும். ஆப்பில் மூன்றும் மூன்று கடைகளாக, தனித்தனிப் பெயரோடும் ரேட்டிங்கோடும் தெரியும். உள்ளே மாஸ்டர்கள் வேறு வேறு. ஃப்ரிட்ஜும் பேக்கிங் மேசையும் பொது.

பெயர் வைக்க உட்கார்ந்தபோது, நாலாவதாக ஒரு பெயரும் வேண்டும் என்று முதலில் முடிவு செய்தோம். அது கிச்சனின் பெயர். பிரியாணி பெயரையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் FSSAI உரிமம் இடத்துக்குத் தருவது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் அக்கவுண்ட், GST, மளிகைக் கடைப் பற்று எல்லாம் அந்த இடத்தோடுதான் ஒட்டியிருக்கும். நாளைக்கு பிரியாணி ஓடாமல் நிறுத்தினால், இல்லாத ஒரு பிரியாணிக் கடையின் பெயரில் இட்லி மாவுக்கு பில் வந்துகொண்டிருக்கும். ஃபாசோஸை எல்லோருக்கும் தெரியும். ரோல் விற்று வளர்ந்த பெயர் அது. 2016இல் அவர்கள் பிரியாணிக்கு இறங்கியபோது பெஹ்ரூஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2018இல் கம்பெனிக்கும் ரெபல் ஃபுட்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். கிச்சன் பெயரில் எந்தச் சாப்பாடும் தெரியக்கூடாது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது.

கிச்சனுக்கு 'கொடியடுப்பு' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பாட்டி வீட்டு மண் அடுப்பில் பெரிய வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வாய் இருக்குமே, அதுதான். விறகு ஓர் இடத்தில் எரியும், இரண்டு பானை வேகும்.

பிராண்டு பெயர்களில்தான் அதிகம் அலைந்தோம். 'தாழி பிரியாணி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரிந்தவர்களுக்கு போன் போட்டு, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, ஆப்பில் இங்கிலீஷில் தேடச் சொன்னேன். ஒருவர் Thazhi என்று அடித்தார், இன்னொருவர் Tazhi, வேறொருவர் Thaali. பாதிப் பேர் Thali என்றே அடித்தார்கள். அப்படி அடித்தால் வடநாட்டுச் சாப்பாட்டுத் தட்டுக் கடைகள்தான் வரிசையாக வரும். நம் கடை அடியில் எங்கோ கிடக்கும். ழ வருகிற பெயர்களை அன்றே எடுத்துவிட்டோம். அடுத்தது 'அண்டா பிரியாணி'. எழுத்தில் சிக்கல் இல்லை. ஆனால் பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தம்பி ஒருவர் Anda Biryani என்று படித்துவிட்டு, முட்டை பிரியாணி மட்டும்தான் கிடைக்குமா என்று கேட்டார். இந்தியில் அண்டா என்றால் முட்டை. எங்கள் மதிய ஆர்டரில் பெரும்பங்கு அந்தக் கட்டடங்களிலிருந்துதான் வருகிறது. அதையும் விட்டோம்.

கடைசியில் தேர்ந்தெடுத்த மூன்று பெயர்களுக்கும் ட்ரேட்மார்க் விண்ணப்பம் போகவிருப்பதால் இங்கே சொல்லவில்லை. உங்கள் அனுபவம் எப்படி? டப்பாவில் கிச்சன் பெயரைப் போடுகிறீர்களா, பிராண்டு பெயர் மட்டுமா?

திருப்பூர் பரோட்டா

சார், ட்ரேட்மார்க்குக்கு ஏன் செலவு செய்கிறீர்கள்? GST சான்றிதழில் வர்த்தகப் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறதே, அதில் பெயர் ஏறிவிட்டால் அது நம்முடையது. கவர்ன்மென்ட்டே கொடுத்த காகிதம். நான் அப்படித்தான் பல வருஷமாக ஓட்டுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

ட்ரேட்மார்க் ஏஜென்ட், சென்னை

திருப்பூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. பதிவு செய்யாவிட்டாலும், முதலில் தொடங்கித் தொடர்ந்து பயன்படுத்தியவருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பிறகு பதிவு செய்தவர் வந்து அவரை எளிதில் நிறுத்திவிட முடியாது. அப்போது உங்கள் GST சான்றிதழும் பழைய பில்களும் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சாட்சியாகும். ஆனால் அந்தக் காகிதம் பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. அதே பெயரில் மதுரையில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் GST வாங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். FSSAI விஷயமும் அதேதான்.

வேளச்சேரி நண்பருக்கு: சமைத்துப் பரிமாறும் தொழில் வகுப்பு 43இல் வரும். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு பெயருக்கு, ஒரு வகுப்புக்கு ₹4,500. நான்கு பெயர் என்றால் நான்கு மடங்கு. பணம் இறுக்கமாக இருந்தால் முதலில் நன்றாக ஓடும் பிராண்டுக்குப் போடுங்கள், கிச்சன் பெயர் காத்திருக்கலாம். பின்னால் பொடி, மசாலா என்று பாக்கெட் போட்டால் அது வகுப்பு 30, தனி விண்ணப்பம்.

போடும் முன் பதிவேட்டில் எழுத்தை வைத்து மட்டும் தேடாதீர்கள். ஒலியை வைத்துத் தேடும் வசதியும் உண்டு. நீங்கள் போனில் செய்த சோதனை நல்ல சோதனை. அவர்கள் அடித்த தப்பான ஸ்பெல்லிங் ஒவ்வொன்றையும் அங்கே போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேறொருவரிடம் இருந்தால், பரிசோதகர் அதைத்தான் எடுத்து வைப்பார். 'சென்னை தம் பிரியாணி' மாதிரி ஊரையும் பண்டத்தையும் மட்டும் சொல்லும் பெயர்கள் பிரிவு 9இல் மாட்டும். பதிவாகிச் சான்றிதழ் வரும் வரைக்கும் ® போடக்கூடாது, அது குற்றம். TM என்று போட்டுக்கொள்ளலாம்.

நான் கட்சிக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது திண்டுக்கல் தலப்பாகட்டி கதையைத்தான். 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கியபோது அதன் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலைப்பாகை கட்டியிருந்ததால் ஜனங்கள் கூப்பிட்ட பெயர்தான் நிலைத்தது. பிற்பாடு உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது அந்தப் பெயருக்காகத்தான். வாடிக்கையாளர் உங்களை வேறு பெயரில் கூப்பிட ஆரம்பித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதுரை பொடி அக்கா

நான் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்துக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒவ்வொரு பொடிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டுமா? இப்போது எல்லாவற்றுக்கும் என் மகள் பெயர்தான். எண் கணிதம் பார்த்துத்தான் வைத்தோம். நீங்களும் பார்த்தீர்களா தம்பி?

வேளச்சேரி கிச்சன்

அக்கா, உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் பொடி எல்லாவற்றையும் வாங்குவது ஒரே வீடு, ஒரு பொடியை நம்பினால் அடுத்ததையும் வாங்குவார்கள். ஒரே பெயர் அங்கே பலம். எங்களுக்கு நூடுல்ஸ் வாங்கும் பையனும் இட்லி வாங்கும் பெரியவரும் வேறு வேறு ஆட்கள், தேடும் நேரமும் வேறு. எண் கணிதம் அம்மா பார்த்தார்கள். ஆனால் அதற்காக எழுத்தைக் கூட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு a கூடினாலும் தேடலில் காணாமல் போகலாம்.

டெலிவரி ராஜபாட்டை

நான் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். ஆப்பில் ஒரு கடை பெயர் காட்டும், போய் நின்றால் அங்கே பூட்டிய கேட் மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால் அப்படி ஒரு ஹோட்டலே இல்லை என்பார்கள். போன் போட்டால் கிச்சனில் சத்தத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பிரியாணி ஆறுகிறது, கஸ்டமர் எங்களைத் திட்டுகிறார். சைதாப்பேட்டையில் ஒரு கிச்சனில் வாசலில் பெரிதாக கிச்சன் பெயர், அதற்குக் கீழே ஆப்பில் இருக்கிற அதே எழுத்தில் எல்லா பிராண்டு பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு நாளும் அலைந்ததில்லை. இன்னொன்று சார், மூன்று பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்காமல் பாருங்கள். ஒரே மேசையில் மூன்று கவர் இருக்கும்போது அவசரத்தில் மாற்றி எடுத்துப் போய்விடுகிறோம்.

வேளச்சேரி கிச்சன்

அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பெயர்களில் இரண்டு ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. விண்ணப்பம் போகும் முன்னால் சொன்னீர்கள், நன்றி.

மயிலாப்பூர் வாசகி

நான் கடை நடத்துபவள் இல்லை, வாங்கிச் சாப்பிடுபவள். சுத்த சைவம். ஒரு டிபன் கடையில் மாதக்கணக்கில் வாங்கினேன். பெயரைப் பார்த்தால் கோயில் வாசலில் இருக்கும் கடை மாதிரி இருக்கும். ஒருநாள் என் பையன் வேறொரு கடையில் சிக்கன் வாங்கினான். இரண்டு பில்லும் மேசையில் இருந்தன. இரண்டிலும் அதே 14 இலக்க FSSAI எண், அதே முகவரி. அன்றைக்கு எனக்கு மனசு மிகவும் கஷ்டமாகிவிட்டது. தனிப் பாத்திரம், தனி மாஸ்டர் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். டப்பாவில் கிச்சன் பெயரைக் கண்டிப்பாகப் போடுங்கள். எந்தக் கிச்சன், அங்கே வேறு என்ன சமைக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்வேன்.

நியூஜெர்சி குமரன்

இங்கே 2020இல் கொரோனா காலத்தில் இதே வருத்தம் பெரிய பேச்சானது. பாஸ்குவாலிஸ் என்று ஒரு பீட்சா கடை ஆப்பில் வந்தது. உள்ளூர் சின்னக் கடை, இந்தச் சமயத்தில் ஆதரிப்போம் என்று வாங்கியவர்கள், முகவரியைப் பார்த்தால் அது குழந்தைகள் விளையாட்டுக்குப் பேர்போன சக் ஈ சீஸ் கிச்சன். பிறகு 2023இல் ஊபர் ஈட்ஸ், ஒரே மெனுவை வேறு வேறு பெயரில் போட்டிருந்த ஆயிரக்கணக்கான கடைகளைத் தூக்கிவிட்டது. உங்கள் மூன்றும் நிஜமாகவே மூன்று சாப்பாடு, அதனால் அந்தப் பிரச்சினை வராது. ஆனால் பிரியாணியையே இரண்டு பெயரில் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

திருப்பூர் பரோட்டா

எங்கள் ஊரில் அப்படிப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு முறை கண்ணில் பட்டால் ஒரு முறையாவது வாங்குவார்கள் என்பது கணக்கு. தப்பாகத் தெரியவில்லை.

மயிலாப்பூர் வாசகி

ஒரு பெயரில் சாப்பாடு நன்றாக இல்லையென்று அடுத்த கடைக்குப் போகிறவர், அதே சாப்பாட்டுக்கு இன்னொரு தரம் பணம் கொடுப்பார். தப்பு இல்லாமல் என்ன?

ஹைதராபாத் தமிழன்

கொடியடுப்பு அருமையான பெயர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெலுங்கில் கோடி என்றால் கோழி. இங்கே கோடி கூர, கோடி புலாவ் என்று எல்லா ஹோட்டல் போர்டிலும் Kodi என்றுதான் இங்கிலீஷில் எழுதியிருக்கும். உங்கள் பக்கம் தெலுங்குக்காரர்கள் நிறைய. உரிமத்திலும் வங்கியிலும் இருந்தால் ஒன்றுமில்லை. மயிலாப்பூர் மேடம் கேட்கிறபடி சைவ டிபன் டப்பாவில் Kodi Aduppu என்று அச்சடித்தால், அதை வாங்குகிற ஆந்திரா சைவர் என்ன நினைப்பார்?

வேளச்சேரி கிச்சன்

இதற்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. வாசகி மேடம் சொன்னது நியாயம், கிச்சன் பெயரை மறைக்க எனக்கு மனமில்லை. தமிழில் மட்டும் அச்சடித்தால் தெலுங்குக்காரர் கோழி என்று படிக்க மாட்டார், ஆனால் தமிழ் தெரியாத சைவர் எவருக்கும் அந்தத் தகவலே போய்ச் சேராது. டிபன் டப்பாவில் கிச்சன் பெயருக்குப் பதிலாக, இதே இடத்தில் அசைவமும் தனியாகச் சமைக்கிறோம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு வரி போடலாமா என்று யோசிக்கிறேன். ஆர்டர் குறையும் என்று பார்ட்னர் பயப்படுகிறார். டப்பா அச்சுக்குக் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்படி வரி போட்டு விற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டெலிவரி ராஜபாட்டை

டப்பாவில் எதைப் போட்டாலும் வாசல் போர்டில் மூன்று பெயரும் போட்டுவிடுங்கள் சார். லைட்டும் வையுங்கள், ராத்திரி டிபனுக்கு வருகிறோம்.