தொடர்ந்து பெனிசிலின் ஊசி போடும் பிள்ளைக்குப் பல் பிடுங்க எந்த அன்டிபயோட்டிக்?

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, 20 கிலோ. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு பழுதாகி, போன வருடம் வளையம் வைத்துத் திருத்தினார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறோம். இப்போது கடைவாய்ப் பல் சொத்தை, வருகிற வியாழன் காலை 9 மணிக்குப் பிடுங்க வேண்டும்.

வால்வில் செயற்கை வளையம் இருப்பதால் அன்டிபயோட்டிக் கட்டாயம் என்பதில் சந்தேகமில்லை. பல் டொக்டர் எழுதித் தந்தது அமொக்சிசிலின். கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 1000 மில்லிகிராம், அதாவது 250/5 பாணியில் 20 மில்லிலீட்டர். பல் பிடுங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரே தடவை குடிக்க வேண்டும்.

ஆனால் பார்மசிக்காரர் ஒரு விஷயத்தைக் கேட்டார்: ஏற்கெனவே பெனிசிலின் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் வாய்க்கிருமிகள் அதே குடும்ப மருந்துக்குப் பழகியிருக்கலாமே? அவர் சொன்னது அசித்ரோமைசின், கிலோவுக்கு 15 வீதம் 300 மில்லிகிராம், நேரம் அதேதான். நியாயமாகத்தான் பட்டது.

பல் டொக்டரிடம் திரும்பக் கேட்டேன், ஊசி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இதய டொக்டரைக் கேட்கச் சொல்கிறார். அந்தக் கிளினிக் அடுத்த மாதம்தான். இரண்டு நாளாக எடுக்கிறேன், தொலைபேசியில் யாரும் அகப்படவில்லை. அசித்ரோமைசின் சிலருக்கு இதயத்துடிப்பைக் குழப்பும் என்பதால் நானாக மாற்றவும் பயம். பல்வலியில் பிள்ளை சோறு தின்பதில்லை, தள்ளிப்போடவும் முடியாது.

பெனிசிலின் ஊசியும் வால்வு வளையமும் உள்ள பிள்ளைக்குப் பல் பிடுங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: வியாழனுக்கு முன் கொழும்பில் சிறுவர் இதய டொக்டர் ஒருவரிடம் இந்த மருந்தை உறுதிப்படுத்த எங்கே போகலாம்?