பார்க்கிறார்கள், வாங்கவில்லை: விவரத்தை முன்பின் தெரியாத ஆளிடம் படிக்கக் கொடுத்தவர்கள் பகிரலாம்

கத்தரிக்கோல்

என் தோழி கேன்வாஸில் லேப்டாப் உறை தைத்து ஆன்லைனில் விற்கிறாள். "தினமும் ஆள் வந்து பார்த்துட்டுப் போறாங்க, ஒருத்தர்கூட வாங்கல. விலையைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டாள். விலையை இப்போதைக்குத் தொடாதே, முதலில் நீ எழுதிப் போட்ட விவரம் புரிகிறதா என்று பார்ப்போம் என்றேன். நானே படித்துப் பார்க்கலாம்தான். ஆனால் அவள் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எழுதாமல் விட்டதையும் என் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும்.

அதனால் அந்த உறையைக் கண்ணால்கூடப் பார்க்காத என் மச்சானைப் பிடித்தேன். படங்கள் இல்லாமல், எழுத்தை மட்டும் அவர் போனுக்கு அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"ஒவ்வொரு தையலும் அன்போடு, கையால். உங்கள் அன்றாடத்துக்கு ஒரு அழகான துணை. தரமான கேன்வாஸ், மென்மையான உள்துணி. 15 இஞ்சுக்குப் பொருந்தும். பல நிறங்கள் உண்டு. மேலும் விவரங்களுக்கு மெசேஜ் செய்யவும்."

நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். "இதை ஆர்டர் பண்ணினால் பார்சலில் என்ன வரும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். "ஏதோ பை" என்றார். பிறகு அவராகவே ஒவ்வொன்றாகக் கேட்டார். தோளில் மாட்டலாமா? 15 இஞ்ச் என்றால் பையின் நீளமா, லேப்டாப்பா? நிறத்தை நான் சொல்லணுமா, அவங்க அனுப்புறதா? நான் எதற்கும் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டேன். இதுதான் கஷ்டமான பகுதி, வாய் துறுதுறுக்கும்! கடைசியில் "மெசேஜ் பண்ணிக் கேப்பீங்களா?" என்றேன். "எதுக்கு? அடுத்ததைப் பார்ப்பேன்" என்றார்.

முழு விவரத்தில் 'லேப்டாப்' என்ற சொல்லே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மரத்தூள்

தலைப்பில் இன்னும் நாலு கீவேர்ட் சேர்க்கச் சொல்லுங்கள். வியூஸ் தானாக ஏறும்.

கத்தரிக்கோல்

சகோ, வியூஸ் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்டர்தான் இல்லை.

நிழற்படம்

உண்மையைச் சொன்னால் விவரத்தை யாரும் படிப்பதில்லை, படம்தான் எல்லாம். என் லிஸ்டிங்கில் ஒரு வரிகூட மாற்றாமல் முதல் படத்தை மட்டும் மாற்றினேன், ஆர்டர் வந்தது. தோழியின் முதல் படத்தில் என்ன இருக்கிறது?

கத்தரிக்கோல்

மேசைமேல் உறை, பக்கத்தில் சார்ஜர், மௌஸ், பின்னால் நாற்காலியில் தொங்கும் ஒரு தோள்பட்டை வார். வார் அவளுடைய சொந்தப் பையுடையது, விற்பனைக்கு இல்லை.

நிழற்படம்

அப்படியென்றால் வார் வைத்த பை வேண்டும் என்று வருபவர்தான் கிளிக் செய்கிறார். உள்ளே வந்து குழம்பிப் போகிறார். நான் சொன்னது சரிதானே!

பழைய கணக்கு

பாதி சரி. ஆளை உள்ளே கூட்டி வருவது படம். ஆனால் பணம் கட்டும் முன், சந்தேகம் வந்தவர் திரும்பத் தேடுவது எழுத்தைத்தான். எனவே ஆட்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு சேமிக்காமல்கூடப் போகிறார்கள் என்றால், தேடி வந்த பொருள் அது இல்லை. தலைப்பிலோ முதல் படத்திலோ கோளாறு. சேமித்து வைக்கிறார்கள், வாங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கார்ட்டில் போட்டுவிட்டு நின்றால் டெலிவரி கட்டணத்தையோ டெலிவரிக்கு ஆகும் நாட்களையோ பாருங்கள், அதற்கு விவரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்தூள் சொன்ன கீவேர்ட் கூட இங்கே எதிராக வேலை செய்யலாம். தலைப்பில் 'பை' என்று போட்டால் பை தேடுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள், வியூஸ் மட்டும் ஏறும்.

அந்த 15 இஞ்ச் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உறை விற்கும் பலர் இதில்தான் ஆளை இழக்கிறார்கள். லேப்டாப்பில் சொல்லும் இஞ்ச் திரையின் மூலைக்கு மூலை அளவு. உடலின் அகலம் அதிலிருந்து தெரியாது. அதே 15.6 இஞ்ச் திரை உள்ள பழைய மாடல் ஒன்று 38 செ.மீ. அகலம் இருக்கும், விளிம்பு மெலிந்த புதியது 36 செ.மீ.க்குள் அடங்கும். வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் 'நம்முடையது நுழையுமா' என்ற பயம் இருக்கும். தவறாக வாங்கித் திருப்பி அனுப்பும் வேலையை நினைத்தே விட்டுவிடுவார்.

உறையின் உள் அளவை செ.மீ.யில் போடுவது நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டையாக வைத்து அளந்தால் 38 செ.மீ. வரும் உறைக்குள் 38 செ.மீ. லேப்டாப் போகாது. தடிமனும் இடத்தைத் தின்னும். 2 செ.மீ. தடிமன் உள்ளது என்றால் அகலம் 36 வரைதான், அதுவும் இறுக்கமாக. எனவே உறையின் அளவைவிட, உள்ளே போகும் லேப்டாப்பின் அளவை எழுதுவதே மேல்.

நூல்கண்டு

எனக்கு வேறு மாதிரி. நான் விற்பது எம்ப்ராய்டரி டிசைன், டவுன்லோட் செய்யும் ஃபைல். படத்தில் தைத்து முடித்த துணியை ஃப்ரேமில் மாட்டி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்சலில் என்ன வரும் என்று கேட்டதும் "ஃப்ரேமும் துணியும்" என்றார். 'இது ஃபைல், பொருள் எதுவும் அனுப்பப்படாது' என்ற வரி கடைசியில், "மேலும் படிக்க" என்பதை அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவந்த பிறகு வியூஸ் குறையவில்லை, 'பார்சல் எப்போ வரும்' என்ற மெசேஜ் மட்டும் நின்றது. ஆர்டர் பெரிதாக ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கத்தரிக்கோல்

அக்கா போனில் பார்த்தாரா, கம்ப்யூட்டரிலா?

நூல்கண்டு

போனில். நான் எழுதியது கம்ப்யூட்டரில், அங்கே எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. அதனால் இப்போது லாக்அவுட் செய்து போனில் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

கத்தரிக்கோல்

தோழி மாற்றி எழுதியதைப் போடுகிறேன்:

"லேப்டாப் உறை, ஒன்று. ஜிப் வைத்தது, தோள் வார் கிடையாது. சார்ஜர் வைக்க வெளியே ஒரு பாக்கெட். உங்கள் லேப்டாப்பை மூடி வைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்: 36 × 25 செ.மீ.க்குள், தடிமன் 2 செ.மீ.க்குள் இருந்தால் இது பொருந்தும். நிறத்தை ஆர்டரில் தேர்ந்தெடுக்கலாம்: சாம்பல், நீலம், பச்சை. அளவு சரியில்லை என்றால் 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்."

அன்பு, தையல் எல்லாம் கீழே போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தம்தான். கையால் தைத்தது என்பதற்காகவே வாங்குபவர்கள் உண்டு என்கிறாள், மறுக்க முடியவில்லை. மச்சானிடம் இனி காட்டிப் பயனில்லை, அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புதிதாக வேறொருவரிடம் கேட்டோம். "லேப்டாப் உறை, நுழையுமான்னு அளந்து பாக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

ஆர்டர் இரண்டு வந்தன. ஆனால் அவள் அதே நாளில் வார் இருந்த படத்தையும் எடுத்துவிட்டாள். எதனால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

நிழற்படம்

படத்தால்தான்!

பழைய கணக்கு

ஒவ்வொன்றாக மாற்றியிருக்கலாம். சரி போகட்டும், வரும் மெசேஜ்களைக் கவனியுங்கள். இன்னும் 'என் லேப்டாப்புக்குப் பொருந்துமா' என்றே கேட்கிறார்கள் என்றால் அளவு வரி கண்ணில் படவில்லை, இரண்டாவது படத்தில் ஸ்கேலோடு வைத்து எடுத்துப் போடுங்கள்.

மரத்தூள்

என்னுடையது போன் ஸ்டாண்ட். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், எத்தனை இஞ்ச் போன் நிற்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. கவர் போட்ட போனும் நிற்குமா என்று நானே இனிதான் வைத்துப் பார்க்கணும்.