கார்டு கையில், ஸ்வைப் வேறெங்கோ: நகல் ஏன் தோற்றது?

யாழினி

போன வாரம் நள்ளிரவில் அடுத்தடுத்து எஸ்எம்எஸ். என் டெபிட் கார்டில் யாரோ பணம் எடுக்க முயன்றிருக்கிறார்கள், எல்லாமே 'மறுக்கப்பட்டது'. கார்டு என் பர்சிலேயே இருந்தது. வங்கிக்கு போன் போட்டால், "சிப்பிலிருந்து திருடிய தகவலைக் காந்தப் பட்டையில் எழுதி முயன்றிருக்கிறார்கள், அதனால்தான் போகவில்லை" என்று சொல்லி, கார்டை முடக்கிவிட்டு வைத்துவிட்டார்கள். சிப்பிலிருந்தே எடுக்க முடிந்தது என்றால் நகல் ஏன் ஓடவில்லை? இப்படி யாருக்காவது நடந்ததுண்டா?

நிலவன்

சிப் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் வெளியே விடும். கார்டு எண்கூட யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஓடிபி மாதிரி புதிதாக ஒன்று வரும், பழையதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வங்கி சும்மா பயமுறுத்துகிறது.

பழைய ஸ்விட்ச்காரர்

தம்பி, பாதிதான் சரி. புதிதாக ஒன்று வருவது உண்மை. எண்ணை மறைப்பது இல்லை. கார்டைச் செருகியதும் கார்டு எண், காலாவதி மாதம், பட்டையில் இருக்கும் இரண்டாம் தடத்துக்கு ஈடான தகவல் எல்லாம் இயந்திரத்துக்குத் திறந்தபடியே போகும். செருகும் வாய்க்குள் காகிதம் போல மெல்லிய தகடு ஒன்றை ஒளித்துவைத்தால் (நாங்கள் ஷிம்மர் என்போம்) நடுவில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுவிடலாம். கேட்க முடியாதது சிப்புக்குள் இருக்கும் ரகசியச் சாவி. கார்டு தயாராகும்போதே உள்ளே ஏற்றிவிடுவார்கள். அதை வெளியே எடுத்துக் கொடுக்கும் கட்டளையே சிப்பில் கிடையாது.

நான் அனுமதிப் பிரிவில் இருந்தபோது இப்படிப் பதிவான பரிவர்த்தனை ஒன்றை அப்படியே திரும்ப அனுப்பிப் பார்த்தார்கள். எண்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். அசல் பரிவர்த்தனையில் வந்தது இது:

```
9F02  000000125000
9F36  01A4
9F37  7C3E91B2
9F26  5D0A61C84E92F73B
```

முதல் வரி தொகை, 1250.00. இரண்டாவது கார்டின் சொந்த எண்ணி. பதினாறடிமான எண் அது, நம் கணக்கில் 420. கார்டு பரிவர்த்தனை தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று ஏறும், இறங்கவே இறங்காது. மூன்றாவது, இயந்திரம் அந்த நேரத்தில் குலுக்கிப் போட்ட எண். இவற்றோடு தேதி, நாணயக் குறியீடு, இயந்திரம் செய்த சோதனைகளின் முடிவு என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்து, 420 என்ற எண்ணியையும் தன் சாவியையும் வைத்து அந்த ஒரு முறைக்கென்று தனிச் சாவி உண்டாக்கி, கார்டு கணக்கிட்ட விடைதான் கடைசி வரி. எட்டே பைட். இதுதான் கிரிப்டோகிராம்.

வங்கியில் மூலச் சாவி இருக்கிறது. கார்டு எண்ணை வைத்து உங்கள் கார்டின் சாவியை அங்கேயே மறுபடி உருவாக்கி, அதே கணக்கைப் போட்டு, அதே எட்டு பைட் வருகிறதா என்று பார்ப்போம்.

இப்போது திருடன் பக்கம் வாருங்கள். தொகையை மாற்றினால் விடை பொருந்தாது. தொகையை மாற்றாமல் வேறு இயந்திரத்தில் கொடுத்தால், அது புதிதாக ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டிருக்கும். கைவசம் இருக்கும் விடையோ 7C3E91B2-க்கு உரியது. எங்களிடம் வந்த கோரிக்கை அங்கேயே விழுந்துவிட்டது. அந்த எண் எப்படியோ ஒத்துப்போயிருந்தாலும், 01A4 ஏற்கெனவே வந்துபோன எண்ணி என்று அடுத்த சோதனை பிடித்திருக்கும்.

நிலவன்

சரி ஐயா, எண்ணைப் பற்றிச் சொன்னது தவறுதான். ஆனால் 420-க்குப் பிறகு 421 வரவில்லை என்றால் வங்கி மறுக்குமா?

பழைய ஸ்விட்ச்காரர்

அப்படிச் செய்தால் நல்ல வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் கடை வாசலில் நிற்பார்கள். செருகிவிட்டு நடுவில் உருவினாலும் எண்ணி ஏறிவிடும், வங்கிக்கு எதுவும் வராது. அதனால் இடைவெளி சகஜம். அளவுக்கு மீறித் தாவினாலும், பின்னால் போனாலும்தான் சந்தேகம். இணைப்பில்லாமல் ஒப்புதல் தந்த இயந்திரங்கள் பழைய எண்ணிகளைத் தாமதமாக அனுப்புவதும் உண்டு. எவ்வளவு விடுவது என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

தேன்மொழி

என்னுடையதும் சிப் கார்டுதான், ஆனாலும் பணம் போனது. ஏதோ வலைத்தளத்தில் யாரோ பொருள் வாங்கியிருக்கிறார்கள். இந்த கிரிப்டோகிராம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

பழைய ஸ்விட்ச்காரர்

சும்மா இருந்தது, அம்மா. வலைத்தளத்தில் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது சிப் வேலைக்கே வருவதில்லை. அது வேறு வழி, வேறு காவல்.

கருவிப் பெட்டி

நான் கடை இயந்திரங்கள் பழுது பார்ப்பவன். யாழினி கேட்டது பட்டையைப் பற்றி, அதை யாரும் தொடவில்லையே. பட்டையில் சேவைக் குறியீடு என்று மூன்று இலக்கம் உண்டு. சிப் கார்டு என்றால் 2 அல்லது 6-இல் தொடங்கும். 201 என்று இருக்கும் பட்டையை இழுத்தால், சிப் படிக்கும் இயந்திரம் 'கார்டைச் செருகவும்' என்று நிற்கும். திருடன் அதை 101 ஆக்கி எழுதினால் இயந்திரம் ஏமாறும், வங்கி ஏமாறாது. பட்டைக்குள் இருக்கும் சிவிவி கார்டு எண், காலாவதி மாதம், அந்தக் குறியீடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஒன்றை மாற்றினால் பொருந்தாது.

உங்கள் விஷயத்தில் தகவல் சிப்பிலிருந்து போயிருக்கிறது. சிப்பில் இருக்கும் சிவிவி வேறு. குறியீட்டுக்குப் பதிலாக 999 வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள், ஐசிவிவி என்பார்கள். அதைப் பட்டையில் எழுதி இழுத்தால், பட்டை வழியாக வந்த கோரிக்கையில் சிப்பின் சிவிவி எப்படி வந்தது என்று வங்கி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்க அதைச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. அசல் பட்டையையே படித்து நகல் எடுத்தால் 201-உம் அதன் சிவிவியும் சரியாகவே இருக்கும். அதோடு செத்த சிப் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். செருகினால் படிக்காது, மறுபடி செருகினாலும் படிக்காது, கடைசியில் இயந்திரமே 'பட்டையை இழுக்கவும்' என்று சொல்லும். சிப் சுரண்டப்பட்ட கார்டோடு வந்து "எப்பவும் இப்படித்தான், இழுங்க" என்று அவசரப்படுத்துபவர்களை ஒரு கடையில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கோரிக்கையில் கிரிப்டோகிராம் கிடையாது. நுழைவு முறை 80 என்று மட்டும் போகும், அதாவது சிப் தோற்றுப்போய்ப் பட்டைக்கு வந்தது என்று. ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். நிறைய வங்கிகள் இப்போது நேராக மறுத்துவிடுகின்றன, எல்லாம் இல்லை.

யாழினி

வங்கியில் மறுபடி கேட்டேன். என் விஷயத்தில் நுழைவு முறை 90, வெறும் பட்டை. சிவிவி பொருந்தவில்லை என்று பதிவாகியிருக்கிறதாம். கருவிப் பெட்டி சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் எந்த இயந்திரத்தில் தகவல் போனது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

நிலவன்

அப்படியானால் சிப்பை ஏமாற்ற வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்விட்ச்காரர்

வேண்டாம். 2012-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில ஏடிஎம்கள் குலுக்கிப் போடுவதாகச் சொன்ன எண் குலுக்கலே இல்லை என்று காட்டினார்கள். ஒரு பகுதி மாறாமல் இருக்க, மறுபகுதி வரிசையாக ஏறியது. அடுத்து வரப்போகும் எண் தெரிந்தால், அசல் கார்டு கையில் இருக்கும் சில நிமிடங்களிலேயே அந்த எண்ணுக்கான விடையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு பயன்படுத்தலாம், கார்டுக்காரர் அதற்குள் எண்ணியை முன்னால் நகர்த்திவிடவில்லை என்றால். சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கேள்வி கேட்டவன்தான் சொதப்பினான்.

தேன்மொழி

நுழைவு முறை 80-இல் வங்கி ஒப்புதல் கொடுத்துப் பணம் போனால் யார் தலையில் விழும்? கடையா, வங்கியா?

கருவிப் பெட்டி

சிப் படிக்காத பழைய இயந்திரம் என்றால் பெரும்பாலும் கடைப் பக்கத்தின் தலையில். சிப் இயந்திரமே முறையாகப் பட்டைக்கு இறங்கி, வங்கியும் ஒப்புதல் தந்திருந்தால் வங்கி என்பார்கள். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இந்த இரண்டாவது வகையில்தான் மாட்டினார். பணம் அவர் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு, வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.